காம்பு வெடிப்புக்கு கிரீம், பால் கசிவுக்குப் பேட்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

பிரசவமான நான்காம் நாள் என் தங்கை போன் செய்தாள். "அக்கா, இடது பக்கம் வெடிச்சு ரத்தம் வருது. மூணு கிரீம் வாங்கி வச்சிருக்கேன். எதைப் போடட்டும்?" மறுநாள் காலை திருச்சிக்குப் போய் இறங்கினேன். கட்டிலோரம் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த மூன்றும் இருந்தன. ஒன்று லனோலின் டியூப். இன்னொன்று 'நூறு சதவீதம் இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்ட மூலிகைக் கிரீம். மூன்றாவது, "காம்புல புண்ணு" என்று அவள் கணவர் சொன்னதும் தெருமுனை மருந்துக் கடையில் எடுத்துக் கொடுத்த தோல் மருந்து. கூடவே ஒரு பெரிய பாக்கெட் பேட். அவள் அப்போது வைத்திருந்த பேட் ஈரத்தில் ஊறி, புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது.

பிரசவ வார்டில் செவிலியராகப் பல வருடங்களாக இதே பையை வேறு வேறு கட்டில்களில் பார்த்துவருகிறேன். அன்று தங்கைக்கு என்ன செய்தோமோ அதை அந்த வரிசையிலேயே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் அதே வரிசையில் போகலாம்.

முதலில் கிரீமை மூடி வையுங்கள்; காம்பைப் பாருங்கள்

குழந்தை பால் குடித்துவிட்டு வாயை எடுத்த உடனே காம்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சற்று நீண்டு, ஆனால் உருண்டையாகவே இருந்தால் குழந்தை சரியாகக் கவ்வியிருக்கிறது. ஒரு பக்கம் சரிந்து, புது லிப்ஸ்டிக்கின் முனை மாதிரி நசுங்கியிருந்தாலோ, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தாலோ, குழந்தை காம்பை மட்டும் வாயில் வைத்து ஈறுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் நசுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் எந்தக் கிரீமைப் போட்டாலும் அடுத்த வேளை பாலுக்கு அதே இடம் மறுபடியும் கிழியும்.

தங்கைக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. சிசேரியன் தையல் வலிக்கிறதே என்று குனிந்து உட்கார்ந்து, மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனாள். குழந்தைக்குக் கிடைத்தது காம்பின் நுனி மட்டும். முதுகுக்கு ஒரு தலையணை, பக்கவாட்டில் இன்னொன்று வைத்து, குழந்தையின் உடல் அவளுடைய கைக்கு அடியில் இடுப்போரமாகப் போகிறமாதிரி பிடிக்க வைத்தேன். தையல் மேல் பாரம் விழாது. குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும்; கொட்டாவி விடுவதுபோல வாயைப் பெரிதாகத் திறக்கிற நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது. சரியாகக் கவ்வினால் தாடை மார்பில் அழுந்தியிருக்கும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல் பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ் பக்கம் அனேகமாகத் தெரியாது. வலித்தால் குழந்தையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

முதல் வாரத்தில், கவ்வும்போது அரை நிமிடம் சுரீர் என்று இருந்துவிட்டு அடங்குவது பலருக்கும் உண்டு. பால் குடிக்கிற நேரம் முழுக்க வலித்தால் அது வேறு விஷயம்.

இதைக் கிரீமுக்கு முன்னால் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் காம்பு வலிக்கான சிகிச்சைகளை அலசியது. லனோலின், கிளிசரின் ஜெல் பேட், மருத்துவர் எழுதித் தரும் கலவைக் களிம்பு என எதுவும் ஒன்றும் தடவாமல் இருப்பதைவிட, அல்லது சொந்தத் தாய்ப்பாலைத் தடவுவதைவிடத் தெளிவாக மேலானது என்று காட்டப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. எதைப் போட்டவர்களுக்கும் பெரும்பாலும் பிரசவமான 7 முதல் 10 நாளில் வலி லேசான அளவுக்குக் குறைந்திருந்தது.

அப்படியானால் கிரீம் எதற்கு? வெடிப்பு காய்ந்து பொருக்குத் தட்டினால், குழந்தை ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் அந்தப் பொருக்கு பிய்ந்துவரும். மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் புண் காயாது, துணியும் ஒட்டாது. கிரீமிடம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

டியூபைத் திருப்பிப் படிக்கும் முறை

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். காம்பில் தடவியதில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் போகும். அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'இது தோலுக்கு நல்லதா' என்பதல்ல. 'இதை என் குழந்தை தினமும் பத்து தடவை நக்கலாமா' என்பதுதான். அட்டையின் முன்பக்கத்தில் இதற்குப் பதில் இருக்காது. பின்பக்கம், பொடி எழுத்தில், உட்பொருள் பட்டியலில் இருக்கும்.

தங்கையின் லனோலின் டியூபில் ஒரே ஒரு பொருள்தான் எழுதியிருந்தது. பட்டியலில் ஒற்றைப் பொருள் இருப்பதுதான் இங்கே பெரிய வசதி. லனோலின் என்பது செம்மறி ஆட்டு ரோமத்தில் இருக்கும் மெழுகு. கத்தரித்த ரோமத்தைக் கழுவும்போது கிடைப்பது. ஆட்டைக் கொன்று எடுப்பதில்லை. சைவ வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும், அதனால் சொல்லிவைக்கிறேன். ஆனால் கழுவி எடுத்த லனோலினில் ஆட்டுக்குத் தெளித்த பூச்சிமருந்தின் எச்சமும், ஒவ்வாமை தரக்கூடிய சில பொருட்களும் இருக்கலாம். பாலூட்டும் தாய்மாருக்கென்று விற்பது அவற்றை நீக்கிச் சுத்திகரித்த லனோலின். அழகுசாதனம் செய்வோருக்கு மொத்தமாக விற்கிற மலிவான லனோலினை வாங்கிக் காம்பில் தடவக் கூடாது என்பது இதனால்தான். கம்பளி பட்டால் அரிப்பவர்கள், தோல் அழற்சி உள்ளவர்கள் முதலில் முழங்கைக்கு உட்புறம் துளி தடவி ஒரு நாள் பார்க்கட்டும். சிவந்தால் வேண்டாம்.

அடுத்து அந்தப் பச்சை எழுத்து மூலிகைக் கிரீம். பட்டியலில் 19 பொருட்கள். கற்றாழை, சாமந்தி, ஷியா வெண்ணெய் என்று அழகாகத்தான் தொடங்கியது. கடைசி வரியில் பீனாக்ஸிஎத்தனாலும் வாசனைப் பொருளும் உட்கார்ந்திருந்தன. தண்ணீர் கலந்த எந்தக் கிரீமும் கெடாமல் இருக்க ஏதாவது ஒரு பதப்படுத்தி தேவை. மூலிகை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. 2008 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, காம்புக்கென்றே விற்ற ஒரு கிரீமைப் பயன்படுத்த வேண்டாம் என்று தாய்மார்களை எச்சரித்தது. அதில் இருந்தவை குளோர்பெனசின், பீனாக்ஸிஎத்தனால் என்ற இரண்டு பொருட்கள். முதலாவது தசையைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக்கக்கூடியது. இரண்டாவது வாந்தி, வயிற்றுப்போக்கு தரக்கூடியது. இரண்டுமே நரம்பு மண்டலத்தை மந்தமாக்கும். அந்தக் கிரீமும் 'பால் கொடுக்கும் முன் துடைக்கத் தேவையில்லை' என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. ஆகவே அந்த வாசகத்தை ஒரு சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பீனாக்ஸிஎத்தனால் முகக் கிரீம், பாடி லோஷன் எல்லாவற்றிலும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, குறைந்த அளவில் அனுமதியும் உண்டு. அது தோலில் இருப்பதற்கான அனுமதி. முகத்தை யாரும் நக்குவதில்லை.

பட்டியல் பொதுவாக அதிகம் உள்ள பொருளில் தொடங்கிக் குறைவானதில் முடியும். அதனால் பதப்படுத்தியும் வாசனையும் பெரும்பாலும் வால்பக்கம்தான் இருக்கும். நான் வாலிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். பட்டியலே இல்லாத டப்பாவை, தொகுதி எண்ணோ காலாவதித் தேதியோ இல்லாத வீட்டுத் தயாரிப்பை, எவ்வளவு நம்பிக்கையானவர் விற்றாலும் வாங்க மாட்டேன்.

மூன்றாவது டியூப்தான் எனக்கு அதிக பயம் தந்தது. வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் கலந்த களிம்பு. படை, சொறிக்குச் சீட்டு இல்லாமலே பல கடைகளில் இதைக் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு காம்பின் தோலை மெலியச் செய்யும்; குழந்தை அதை விழுங்கவும் செய்யும். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்கிற பெயர்கள் தெரிந்தால் டியூபை மூடிவிடுங்கள். காம்பில் கரப்பான் மாதிரி அழற்சி இருந்தால் மருத்துவரே சில நாளைக்கு ஸ்டீராய்டு எழுதுவது உண்டு. அதை எத்தனை நாள், எந்த நேரத்தில் போடுவது, எப்படித் துடைப்பது என்று அவரே சொல்வார். கடைக்காரர் சொல்லக் கூடாது.

வீட்டு அலமாரியில் இருப்பவை

நம் வீடுகளில் முதலில் வருவது தேன். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் பழக்கத்திலேயே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் எந்த வழியிலும் போகக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைத்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், பலவீனமான உறிஞ்சல், தொய்ந்த கழுத்து என்று தொடங்கி மூச்சுவரை போகக்கூடிய நோய் அது. மலைத்தேன், சுத்தத் தேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

ஊதா மருந்து என்று பழைய ஆட்கள் சொல்லும் ஜென்ஷன் வயலட்டையும் விட்டுவிடுங்கள். புற்றுநோய் அபாயம் பற்றிய கவலையால் 2019இல் கனடா சுகாதாரத் துறை அதற்கு எதிராக எச்சரித்தது; குழந்தையின் வாயிலும் அது புண் உண்டாக்கும். மரத்துப்போகச் செய்யும் ஜெல் குழந்தையின் நாக்கையும் மரக்கச் செய்யும். சில வகைகள் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுக்கும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவினால், அது குழந்தையின் உடம்பில் சேரும். கடலை எண்ணெய், பாதாம் எண்ணெய் ஒவ்வாமைக்கு வழி திறக்கலாம். வேப்பெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம். பால் மறக்கடிக்க அதைத் தடவுகிற ஊர் இது.

தேங்காய் எண்ணெய்? "எங்க காலத்துல அதைத்தான் தடவினோம்" என்றார் தங்கையின் அத்தை. அவர் சொன்னதில் தவறில்லை. வாசனை சேர்க்காத, சமையலுக்கான தேங்காய் எண்ணெயை, தனியாக ஒரு சின்னச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி வைத்து, துளித் துளியாக எடுத்துப் பயன்படுத்தலாம். தலைக்குத் தேய்க்கும் மல்லிகை வாசனை எண்ணெய் வேண்டாம், பொதுப் பாட்டிலுக்குள் விரலை விடவும் வேண்டாம்.

தடவும் முறை

பால் கொடுத்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்புக்குச் சோப்பு வேண்டாம். கருவட்டத்தில் இருக்கும் சிறு சுரப்பிகள் தாமே எண்ணெய் விடுகின்றன, சோப்பு அதைப் பிடுங்கிவிடும். இரண்டு மூன்று துளிப் பாலைப் பீய்ச்சிப் புண்ணின் மேல் விட்டு, காற்றில் உலர விடுங்கள். அப்புறம் லனோலின் ஒரு பச்சைப் பட்டாணி அளவுக்கும் குறைவாக. அது பிசின் மாதிரி கெட்டியாக இருக்கும். அப்படியே தேய்த்தால் வெடிப்பு இழுபட்டு உயிர் போகும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இளகும்வரை உருட்டுங்கள். பிறகு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பளபளவென்று ஒரு படலம் தெரிந்தால் போதும். அப்பிவிட்டால் குழந்தையின் வாய் வழுக்கும், பேடும் பாலை உறிஞ்சாது.

சுத்திகரித்த லனோலினை அடுத்த வேளைக்கு முன் கழுவ வேண்டியதில்லை. மருத்துவர் எழுதிய பூஞ்சை மருந்து மாதிரி எதுவானாலும், கண்ணுக்குத் தெரியும் மிச்சத்தைப் பால் கொடுக்கும் முன் ஈரத் துணியால் மென்மையாகத் துடைத்துவிட வேண்டும்.

பேட்: உறிஞ்சுவது பாதி வேலைதான்

ஒரு பக்கம் குழந்தை குடிக்கும்போது மறுபக்கம் பால் சொட்டும். பிள்ளை அழுத சத்தம் கேட்டாலே சட்டை நனையும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் இது குறைந்துவிடும், அதனால் ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக் குவிக்க வேண்டாம்.

பேடின் வேலை பாலைப் பிடிப்பது மட்டுமல்ல, புண் உள்ள தோலை ஈரத்தில் ஊறவிடாமல் வைப்பதும்தான். நம் ஊர் வெயிலில், முதுகில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பேடை மணிக்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே வேர்வையும் பாலும் சேர்ந்து தோல் வெளுத்து ஊறிவிடும். ஊறிய தோல் சீக்கிரம் கிழியும், பூஞ்சையும் பிடிக்கும். தங்கை பாக்கெட் தீர்ந்துவிடுமே என்று ஒரு பேடை அரை நாள் வைத்திருந்தாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவளுடைய தயக்கம் புரிகிறது: ஒவ்வொரு முறை நனைந்ததும் மாற்றினால் நாளைக்கு எட்டு, மாதத்துக்கு 240.

அதனால் வீட்டில் இருக்கும்போது துவைக்கும் பேட், வெளியே போகும்போது தூக்கிப்போடும் பேட் என்று பிரித்துக்கொண்டோம். துவைக்கும் பேட் பத்துப் பன்னிரண்டு ஜோடி இருந்தால் ஓடும். வாங்க முடியாவிட்டால் பழைய வேட்டியை உள்ளங்கை அளவு வட்டமாக வெட்டி, ஆறு மடிப்பு சேர்த்து ஓரம் தைத்தாலே போதும். தையல் காம்பின் மேல் வராமல் ஓரத்தில் மட்டும் இருக்கட்டும்.

கடைப் பேட் எதுவானாலும் ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்துச் சோதித்துவிடுங்கள். 30 மில்லி தண்ணீரை, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, நடுவில் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒரு டிஷ்யூ தாளை மேலே வைத்து அழுத்துங்கள். தாள் கிட்டத்தட்ட உலர்ந்து வந்தால் தேவலை. சொதசொதவென்று நனைந்தால் அந்த ஈரம் நாளை உங்கள் புண்ணின் மேல்தான் இருக்கும். அழுத்தும்போது ஜெல் மணிகள் வெளியே பிதுங்கினால் அந்தப் பாக்கெட்டையே திருப்பிக் கொடுங்கள். மூக்கில் வைத்தும் பாருங்கள்: வாசனை போட்ட பேட் வேண்டாம். அது தோலை எரிக்கும். பால் குடிக்கும் குழந்தையின் முகமும் அங்கேதான் இருக்கும்.

துவைக்கும் பேடை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். நேராகச் சுடுதண்ணீரில் போட்டால் பால் உறைந்து நூலில் தங்கிவிடும். பிறகு வாசனையில்லாத சோப்பு, இரண்டு மூன்று அலசல், வெயில். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் போடக் கூடாது; பேட் அதற்கப்புறம் பாலை உறிஞ்சாது. பின்பக்கம் நீர்புகாத் தாள் வைத்த பேடைக் கொதிக்க வைத்தால் தாள் பிரிந்துவிடும். வேட்டித் துணியை வேண்டுமானால் தாராளமாகக் கொதிக்க வைக்கலாம்.

பேட் புண்ணில் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான கொதித்து ஆறிய தண்ணீரை அதன் மேல் ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டால் தானாகக் கழன்றுவரும். தங்கைக்கும் அன்று இப்படித்தான் எடுத்தோம்.

எப்போது கிரீமை விட்டுவிட்டு மருத்துவரிடம் போவது

மார்பில் ஒரு பகுதி சிவந்து சூடாகி, காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் அன்றே போக வேண்டும். காம்பிலிருந்து சீழ் வந்தாலும் அப்படியே. குழந்தையின் நாக்கிலும் கன்னத்து உட்புறத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். இருவரையும் சேர்த்துக் காட்டுங்கள். பால் குடித்ததும் காம்பு வெளுத்து, நீலமாகி, விட்டுவிட்டு வலித்தால் அது ரத்தக்குழாய் சுருங்குவது, அதற்குக் கிரீம் பயன்படாது. கவ்வும் முறையைத் திருத்தியும் ஒரு வாரத்தில் வெடிப்பு ஆறவில்லை என்றால் குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கக் காம்பில் மட்டும் செதில் செதிலாக உரிந்து வாரக்கணக்கில் ஆறாத புண்ணை, பால் கொடுப்பதால்தான் என்று விட்டுவிடக் கூடாது.

வெடிப்பிலிருந்து கசிந்த ரத்தத்தைக் குழந்தை பாலோடு விழுங்குவது பற்றி எல்லோரும் பதறுவார்கள். கக்கும்போது இளஞ்சிவப்பாக வரலாம். பொதுவாக அதனால் கெடுதல் இல்லை. ஆனால் எந்தக் கிரீமையாவது தடவ ஆரம்பித்தபின் குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுந்தாலோ, உறிஞ்ச வலுவில்லாமல் இருந்தாலோ, மூச்சு மெதுவானாலோ உடனே 108க்குக் கூப்பிடுங்கள், அந்த டியூபையும் கையோடு எடுத்துப்போங்கள்.

தங்கைக்கு முதல் இரண்டு நாள் வலது பக்கத்தில் முதலில் கொடுக்கச் சொன்னேன்; பசி தணிந்த குழந்தை இடது பக்கம் வரும்போது அவ்வளவு வேகமாக இழுக்காது. மூன்றாம் நாள் காம்பு உருண்டையாகவே வெளியே வந்தது. ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. ஒன்பதாம் நாள் போன் செய்தபோது வலியைப் பற்றி அவள் பேசவே இல்லை, பிள்ளை ராத்திரி தூங்கவில்லை என்பதைப் பற்றித்தான் பேசினாள். லனோலின் டியூபில் கால்வாசிகூடக் குறையவில்லை. ஸ்டீராய்டு களிம்பை நானே எடுத்துவந்துவிட்டேன். அந்த மூலிகைக் கிரீம் மட்டும் வீணாகவில்லை. அத்தையின் குதிகால் வெடிப்புக்குப் போய்ச் சேர்ந்தது.